ஈரலைச் சுற்றிப் போகும் நாளங்களுக்கு ஒரு சொல் வேண்டும்

கிளிநொச்சி, தாதிய மாணவி:
வணக்கம். ஈரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் நோயின் சிக்கல்கள் பற்றிய கேள்விகளைத் தமிழில் எழுதி வருகிறேன், ஒன்றில் நின்றுவிட்டது. 34 வயது ஆண், இரத்த வாந்தி. எண்டொஸ்கோப்பியில் உணவுக்குழாயின் அடிப்பகுதி நாளங்கள் புடைத்திருக்கின்றன, மண்ணீரலும் பெரிது. ஆனால் வயிற்றில் நீர் இல்லை, புத்தி தெளிவு, ஈரல் பரிசோதனைகளும் சரி. அடைப்பு எங்கே? விடை, குடல் இரத்தத்தை ஈரலுக்குக் கொண்டுபோகும் ஈரல்வாயினாளம். அதை விளக்க, குடல் இரத்தம் ஈரலுக்குள் போகாமல் விலகிப் போகும் இணைப்புகளுக்கு ஒரு சொல் வேண்டும். 'கொலேற்றரல்' என்றால் வாட்டில் பலருக்கும் விளங்காது. 'பக்கக்குழல்' சரிவருமா?

ஒட்டுசுட்டான், விஞ்ஞான ஆசிரியர்:
பக்கக்குழல் என்றால் பைப் பொருத்துவது போலக் கேட்கிறது. முத்தையன்கட்டுப் பக்கம் மாரியில் குளம் நிரம்பினால் என்ன சொல்கிறோம்? வான் பாய்கிறது என்கிறோம். ஈரல் இறுகினால் வாயினாளத்தில் அழுத்தம் ஏறி இரத்தம் வான் பாய்கிறது. ஆகவே 'வான்நாளம்'. புடைப்பு, வயிற்று நீர், புத்தி மயக்கம் மூன்றையும் அந்த ஒரு சொல்லிலேயே விளக்கிவிடலாம்.

வவுனியா, ஓய்வுபெற்ற வைத்தியர்:
சேர், சொல் நல்லது, ஆனால் மூன்றையும் அதில் கட்டிவிடாதீர்கள். வயிற்று நீர் அந்த வழியால் வருவதில்லை. தங்கச்சியின் நோயாளியே அதற்குச் சாட்சி: வான் பாய்கிறது, நீர் இல்லை.

அடைப்பு வாயினாளத்தில், அதாவது ஈரலுக்கு வெளியே. பின்னால் தேங்கும் இரத்தம், இரைப்பையின் வால்வு இல்லாத இடது நாளத்தில் எதிர்த்திசையில் ஏறி உணவுக்குழாய் நாளங்களுக்குள் போய், அங்கிருந்து அசைகஸ் நாளம் வழியாக மேற்பெருநாளத்தை அடைகிறது. மெல்லிய சளிச்சவ்வுக்கு அடியில் ஓடும் அந்த நாளங்கள் வீங்கித்தான் வெடிக்கின்றன. ஈரலுக்குள் இரத்தம் ஓடும் நுண்குழிகளில் அழுத்தம் ஏறவே இல்லை, அதனால் நீர் கசியவும் இல்லை. சிரோசிஸில் தழும்பு அந்த நுண்குழிகளையே நெரிக்கிறது. அவற்றின் சுவர் ஓட்டை ஓட்டையானது, திரவம் ஈரலின் மேற்பரப்பால் வயிற்றுக்குள் வடிகிறது, சிறுநீரகமும் உப்பைப் பிடித்து வைத்து அதை வளர்க்கிறது. ஈரலிலிருந்து வெளியேறும் நாளம் அடைபட்டால் வயிறு இன்னும் வேகமாக ஊதும். ஒரு எச்சரிக்கை: வாயினாளம் மட்டும் அடைபட்டவருக்கும் பெரிய இரத்தப்போக்குக்குப் பிறகு கொஞ்ச நாளுக்கு நீர் வரலாம்.

துணுக்காய்:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கோ. என்னுடைய அப்பாவுக்கு இதே வருத்தம், கசிப்பால் வந்தது. வயிற்று நீர் எடுத்தார்கள். பிறகு இரத்த வாந்தி எடுத்து இரண்டு நாளில் பகலில் தூங்கி இரவில் உளறத் தொடங்கினார். இரத்தம் மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தோம். அவருக்கு மூலமும் இருக்கிறது, அதுவும் வான்நாளம்தானே?

வவுனியா, ஓய்வுபெற்ற வைத்தியர்:
தம்பி, மூளைக்கு ஏறியது இரத்தம் இல்லை. குடலுக்குள் இறங்கிய இரத்தமும் புரதம்தான். அது செரித்து அமோனியா ஆகிறது. நல்ல ஈரல் அதை யூரியாவாக மாற்றும். அப்பாவின் ஈரல் பலவீனம், வான்நாளம் வேறு அதை ஈரலுக்குக் காட்டாமலே கொண்டுபோகிறது. நாளுக்கு இரண்டு மூன்று தடவை மலம் போகும்படி லக்டுலோஸ் கொடுப்பது அதற்காகத்தான். அவரைக் கையை நீட்டி மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கிப் பிடிக்கச் சொல்லுங்கோ. கை விட்டுவிட்டுத் தொங்கி விழுந்தால், அல்லது பேச்சு மறுபடி குழம்பினால், உடனே கொண்டுபோங்கோ. மூலம் வேறு. அது குதவாயின் மெத்தைத் திசு வீங்குவது, ஈரல் சுகமானவர்களுக்கும் வரும். மலக்குடல் நாளங்களும் வான்நாளம் ஆகலாம், ஆனால் இரண்டையும் ஒன்று என்று எழுதினால் பரீட்சையிலும் பிழை, வாட்டிலும் பிழை.

கிளிநொச்சி, தாதிய மாணவி:
டொக்டர், அப்படியென்றால் வான் பாய்ந்தும் அழுத்தம் ஏன் இறங்குவதில்லை?

வவுனியா, ஓய்வுபெற்ற வைத்தியர்:
குடலுக்குப் போகும் நாடிகள் விரிந்து வரத்து கூடிவிடுகிறது. வடிவதைவிட வருவது அதிகம். கழுத்து நாளம் வழியாகப் போய் ஈரலுக்குள்ளேயே ஒரு குழாய் வைத்தால்தான் அழுத்தம் நன்றாக இறங்கும். இரத்தப்போக்கும் நீரும் குறையும், ஆனால் குடல் இரத்தம் அந்தக் குழாயால் ஈரலை விலகிப் போவதால் புத்தி மயக்கம் கூடலாம். நீரையும் மயக்கத்தையும் ஒரே காரணத்தில் கட்டினால் இதை விளக்க முடியாது.

சென்னை:
எங்கள் ஊரில் வான் என்றால் ஆகாயம் மட்டும்தான்! ஏரி நீர் வழிவது கலிங்கு. நாளத்தைச் சிரை என்கிறோம். 'விலகுசிரை' என்றால் இரு பக்கமும் புரியாதா?

ஒட்டுசுட்டான், விஞ்ஞான ஆசிரியர்:
புரியும், ஆனால் எங்கட பிள்ளைகளுக்குச் சிரை பாடப்புத்தகத்தில் இல்லை.

கிளிநொச்சி, தாதிய மாணவி:
இப்போதைக்கு இணைப்புக்கு 'வான்நாளம்', அது வீங்கினால் 'நாளப்புடைப்பு' என்று இரண்டு சொல்லாக எழுதுகிறேன். மண்ணீரல் நாளம் மட்டும் அடைபட்டு இரைப்பையின் மேற்பகுதி மட்டும் புடைக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. அங்கே இரத்தம் ஈரலை விலகாமல், சுற்றி வந்து மறுபடி வாயினாளத்திலேயே சேர்கிறதே, அதையும் வான்நாளம் என்று எழுதலாமா?