நோன்பு வைத்துக்கொண்டு ஓடுவது: சஹருக்குப் பிறகா, நோன்பு திறக்கும் முன்பா?

ரஃபி_பெசன்ட்நகர்
அஸ்ஸலாமு அலைக்கும். வயது 34, எடை 68 கிலோ, வாரம் 35 கி.மீ. ஓடுகிறேன். ரமலானில் ஒரு மாதம் முழுக்க விட்டுவிட மனமில்லை. சென்னையில் இப்போது சஹர் 5.10க்கு முடிகிறது, நோன்பு திறப்பு 6.20. சுபுஹ் தொழுதுவிட்டு 5.45க்கு ஓடினால் வெயிலும் இல்லை, வயிற்றில் சாப்பாடும் இருக்கிறது. இது சரிதானா?

வேளச்சேரி_சலீம்
வ அலைக்கும் ஸலாம் பாய். தாராளமாக ஓடுங்கள். நான் நான்கு ரமலானாகக் காலையில்தான் ஓடுகிறேன். சஹரில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்துவிடுவேன், 7 கி.மீ. ஓடினாலும் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் பதின்மூன்று மணி நேரப் பட்டினிக்குப் பிறகு ஓடச் சொல்கிறார்களே, அதுதான் எனக்குப் புரியவே இல்லை. கால் தூக்கவே முடியாத நேரம் அது.

மதுரை_பிசியோ
சலீம் பாய், ஓடும்போது நன்றாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. நான் பார்ப்பது ஓடி முடித்த பிறகு தண்ணீருக்கு எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைத்தான். எங்கள் ஊர் ஓட்டக் குழுவில் ஒருவரை ஓடுவதற்கு முன்னும் பின்னும் தராசில் நிற்க வைத்தோம். நாற்பத்தைந்து நிமிடம், காலை நேரம், பேசிக்கொண்டே ஓடும் வேகம்தான், 800 கிராம் குறைந்திருந்தார். அது பெரும்பாலும் வியர்வை, கிட்டத்தட்ட 800 மில்லி தண்ணீர். இதை 6.30க்கே இழந்துவிட்டால் அடுத்த பன்னிரண்டு மணி நேரம் அந்தக் கடனோடுதான் அலுவலகம், வெயில், பேருந்து எல்லாம். அதே 800 மில்லியை மாலை 6 மணிக்கு இழந்தால் இருபது நிமிடத்தில் கஞ்சி கையில் இருக்கும்.

ஒன்றரை லிட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பத்து நிமிடத்தில் வெறும் தண்ணீராகக் குடித்தால் உடம்பு அதைச் சேர்த்து வைக்காது, பெரும்பகுதி இரண்டு மூன்று மணி நேரத்தில் சிறுநீராகப் போய்விடும். ஏழு ஏழரைக்கெல்லாம் எத்தனை தடவை பாத்ரூம் போகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், தெரிந்துவிடும். அரை லிட்டர் போதும், அதையும் உப்பு போட்ட தயிர் சோறோ இட்லி சாம்பாரோ சாப்பிடும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் கூடுதல் நேரம் தங்கும்.

வேளச்சேரி_சலீம்
பாத்ரூம் விஷயம் உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஏசி அறையில் உட்கார்ந்த வேலை, மதியம் வெளியே போவதே இல்லை. எல்லோருக்கும் ஒரே கணக்கு எப்படிச் சரியாகும்? மாலையில் ஓடுகிறவன் ஏற்கெனவே வற்றிப்போய்த்தானே தொடங்குகிறான்?

மதுரை_பிசியோ
சரியான கேள்வி. அதனால்தான் மாலை ஓட்டம் முப்பது நிமிடத்தைத் தாண்டக் கூடாது, வேகமும் முழு வாக்கியம் பேச முடிகிற அளவில்தான் இருக்க வேண்டும் என்கிறேன். மாலையில் 10 கி.மீ. ஓடச் சொல்லவில்லை. உங்களைப் போல நாள் முழுக்க நிழலில் இருப்பவர் காலையில் இருபது நிமிடம் மெதுவாக ஓடினால் பெரிய கெடுதல் இல்லை, வெயிலில் சுற்றும் வேலை உள்ளவருக்கு அதுகூட வேண்டாம்.

திருச்சி_வெங்கட்
நான் ஏகாதசி விரதத்தன்று ஒன்றும் சாப்பிடாமல் 12 கி.மீ. ஓடியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. வெறும் வயிற்றில் ஓடினால் கொழுப்புதான் கரையும். நடுவில் இரண்டு இளநீர், ஒரு சிட்டிகை உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீர் குடித்தால் போதும், எந்த நேரமானாலும் ஓடலாம்.

ரஃபி_பெசன்ட்நகர்
வெங்கட் அண்ணே, எங்கள் நோன்பில் தண்ணீரும் கிடையாது. நீங்கள் சொல்லும் அந்த இளநீரைத்தான் நாங்கள் 6.20 வரை தொட முடியாது.

திருச்சி_வெங்கட்
ஓ, கவனிக்காமல் எழுதிவிட்டேன் தம்பி. அப்படியானால் என் அனுபவம் இங்கே பொருந்தாது, தண்ணீர் இல்லாமல் நான் 3 கி.மீ.கூட ஓடியதில்லை.

மதுரை_பிசியோ
கொழுப்பு பற்றிச் சொன்னதில் பாதி சரி சார். பட்டினியில் மெதுவாக ஓடும்போது உடம்பு கொழுப்பைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும், ஆனால் இரவு சமோசாவும் பிரியாணியுமாக அதைத் திருப்பி வைத்துவிட்டால் எடை குறையாது.

கீழக்கரை_காக்கா
எல்லோரும் நேரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நோன்பு இபாதத். ஓடிவிட்டு அஸர் தொழுகையில் தலைசுற்றி நிற்க முடியாமல் போனால் அந்த ஓட்டம் எதற்கு? என் தம்பி மகன் போன வருடம் நோன்பு திறக்க அரை மணி இருக்கும்போது 8 கி.மீ. விரட்டி ஓடிவிட்டு நேரே பள்ளிக்கு வந்தான். பேரீச்சம்பழம் வாயில் போட்டான், ஒரு வாய் தண்ணீர் குடித்தான், மஃரிபில் ஸஜ்தாவிலிருந்து எழுந்தவன் அப்படியே பக்கத்தில் நின்றவர் மேல் சாய்ந்தான். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. காலைத் தூக்கி வைத்து விசிறிய பிறகுதான் கண் திறந்தான். ஒரு மாதம் ஓடாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

வேளச்சேரி_சலீம்
காக்கா, பெரிய பெரிய வீரர்களே நோன்போடு விளையாடுகிறார்களே. 2021 ஏப்ரலில் லெஸ்டர், கிரிஸ்டல் பேலஸ் கால்பந்து ஆட்டத்தில் வெஸ்லி ஃபொஃபானா நோன்போடுதான் இறங்கினார்.

மதுரை_பிசியோ
அந்த ஆட்டத்தில் சூரியன் மறைந்த பிறகு, ஒரு கோல் கிக்கின்போது ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி ஃபொஃபானாவும் எதிரணி குயாட்டேவும் நோன்பு திறந்துகொண்டார்கள். நேரம் ஆனதும் ஆட்டம் முடியும் வரை தள்ளிப்போடாமல் குடித்தார்கள் என்பதைத்தான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு அவர்களுக்கு ஓரத்தில் மருத்துவர் நிற்கிறார், நமக்கு எலியட்ஸ் கடற்கரையில் யார் நிற்கிறார்கள்?

காக்கா சொன்ன பையனுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். வேகமாக ஓடிச் சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும், உடம்பில் தண்ணீரும் குறைவு, அப்புறம் ஸஜ்தாவிலிருந்து எழும்போது மூளைக்குப் போதுமான ரத்தம் ஏறவில்லை. அதனால் கடைசிப் பத்து நிமிடம் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள், நோன்பு திறந்த பிறகு ஐந்து நிமிடமாவது உட்காருங்கள். ஆனால் ஒரு மாதம் முழுக்க நிறுத்த வேண்டியதில்லை காக்கா. தூரத்தைப் பாதியாகக் குறைத்து, வாரத்தில் ஒருநாள் மட்டும் கொஞ்சம் வேகம் வைத்தாலே நான்கு வாரத்தில் பெரிதாக எதுவும் போய்விடாது. அந்த வேகமும் நோன்பு திறந்த பிறகுதான்.

கீழக்கரை_காக்கா
பாதியாகக் குறைப்பது என்றால் சரி, அதை யாரும் செய்வதில்லை என்பதுதான் என் கவலை.

தஞ்சை_ஜபருல்லா
எனக்கு வயது 56, சர்க்கரை உண்டு, மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். முதல் நோன்பில் நாலரை மணிக்கு வேக நடை போனேன். கை நடுங்கி, சட்டை நனைகிற அளவு வியர்த்தது. வீட்டுக்கு வந்து குத்திப் பார்த்தால் 62. பேரீச்சம்பழத்தைச் சாப்பிட்டு நோன்பை விட்டுவிட்டேன். இன்னும் மனசு உறுத்துகிறது, ஒன்றரை மணி நேரம் பொறுத்திருக்கலாமோ என்று.

மதுரை_பிசியோ
ஐயா, நீங்கள் செய்தது மிகச் சரி. 70க்குக் கீழே இறங்கினால் கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது, உடனே இனிப்பு. கிளிமிபிரைடு நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், அதன் மேல் நடையும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்காமல் இனி நோன்பு வைத்து நடக்காதீர்கள்.

கீழக்கரை_காக்கா
ஜபருல்லா பாய், உறுத்தவே வேண்டாம். நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று பகரா அத்தியாயத்தில் 184, 185 வசனங்களிலேயே வருகிறது. விரலில் குத்திப் பார்ப்பதாலும் நோன்பு முறியாது என்றுதான் ஆலிம்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்கள் பள்ளி இமாமிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ரஃபி_பெசன்ட்நகர்
ஆறு நாள் மாலையில் ஓடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். 5.20க்குத் தொடங்கி முப்பது நிமிடம், பிறகு பத்து நிமிடம் நடை. நேற்றைய கணக்கு: சஹர் முடித்தவுடன் 69.1 கிலோ, ஓடும் முன் 67.9, ஓடிய பின் 67.4. மொத்தம் 1.7 கிலோ குறைந்திருக்கிறது, எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல். பயமாக இருக்கிறது. இதயத் துடிப்பும் வழக்கமான வேகத்துக்கு 138 இருக்கும், நேற்று 149.

மதுரை_பிசியோ
சஹர் முடித்த எடையோடு ஒப்பிடாதீர்கள் ரஃபி, அதில் அப்போதுதான் சாப்பிட்ட சோறும் தண்ணீரும் இருக்கிறது. சஹருக்கு எழுந்ததும் பாத்ரூம் போய்விட்டு, எதுவும் சாப்பிடும் முன் எடை பாருங்கள். அதுதான் உங்கள் அடிப்படை. அது எவ்வளவு இருக்கிறது?

ரஃபி_பெசன்ட்நகர்
ஆறு நாளும் குறித்திருக்கிறேன். முதல் நாள் 68.3, நேற்று 68.2.

மதுரை_பிசியோ
அப்படியானால் நேற்று ஓடி முடித்தபோது அடிப்படையிலிருந்து 800 கிராம்தான் குறைவு, ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். தாங்கக்கூடியதுதான். இரவு குடிப்பதும் போதுகிறது, இல்லையென்றால் அந்த 68.3 நாளுக்கு நாள் இறங்கியிருக்கும். இரண்டு மூன்று நாளில் ஒரு கிலோ இறங்கினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு முதலில் இரவுத் தண்ணீரைச் சரிசெய்யுங்கள். துடிப்பு 149 என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வேகத்தைப் பார்க்காமல் துடிப்பைப் பாருங்கள், 140க்கு மேல் போனால் நடங்கள். புல்லரிப்பு, குளிர், பேச்சுத் தடுமாற்றம், நேராக நடக்க முடியாமை என்று ஒன்று வந்தாலும் அன்றைய நோன்பை விட்டுவிட்டுத் தண்ணீர் குடித்து உடம்பைக் குளிரவைக்க வேண்டும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடக் கூடாது. வெயில் கூடுதலாக இருந்தால் தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள், நோன்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இரவில் என்ன குடிக்கிறீர்கள்?

ரஃபி_பெசன்ட்நகர்
பள்ளிக் கஞ்சி இரண்டு கிண்ணம், கூடவே இரண்டு டம்ளர் தண்ணீர். தராவீஹுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பாட்டில். எல்லாம் சேர்த்து இரண்டரை லிட்டர் வரும்.

மதுரை_பிசியோ
கஞ்சியை விடாதீர்கள். அரிசி, பருப்பு, உப்பு, தண்ணீர் எல்லாம் ஒரே கிண்ணத்தில், வியர்த்து வந்தவனுக்கு அதைவிட நல்லது ரோஸ் மில்க்கும் இல்லை, கடையில் விற்கும் பானமும் இல்லை.

வேளச்சேரி_சலீம்
நானும் எடை பார்த்தேன். காலையில் ஓடும் நாட்களில் மாலைத் தலைவலி வருகிறது, வழக்கமான நோன்புத் தலைவலி என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இந்த வாரம் மாலைக்கு மாறிப் பார்க்கிறேன். ஆனால் அந்த வேக ஓட்டம் எப்போது? தராவீஹ் முடிய ஒன்பதரை, ஓடிவிட்டு வந்தால் பன்னிரண்டு வரை தூக்கம் வருவதில்லை, நாலு மணிக்கு சஹர்.

மதுரை_பிசியோ
இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை பாய். மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் சிலர் ஓடுகிறார்கள், கஞ்சி வயிற்றில் குலுங்குகிறது என்கிறார்கள். நான் சனிக்கிழமை இரவு மட்டும் வைத்துக்கொள்கிறேன், ஞாயிறு சுபுஹுக்குப் பிறகு தூங்கலாம்.

கீழக்கரை_காக்கா
ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்கிறவன் என்ன செய்வான் அம்மா?