‘ஒரு’வுக்கு ‘நூறு’ எதுகையா?

முத்துநகர்: பஞ்ச் வசனம் என்றால் எதுகை மோனைதான், வேறு வித்தையே கிடையாது. ‘பாட்ஷா’ படத்தின் ‘நான் ஒரு தடவை சொன்னா நூறு தடவை சொன்ன மாதிரி’ வரியைப் பாருங்கள். ஒரு, நூறு என்று எதுகை விழுந்ததால்தான் 1995இல் அரங்குகள் அதிர்ந்தன. மறுக்க முடியுமா?

காரிகைக்கிழார்: முடியும். ‘ஒரு’வில் இருப்பது இடையின ரகரம். ‘நூறு’வில் இருப்பது வல்லின றகரம். இரண்டாம் எழுத்தே வேறு. முதல் எழுத்தின் அளவாவது ஒத்துப் போகிறதா என்றால், ‘ஒ’ குறில், ‘நூ’ நெடில். ‘கட்டு’க்குப் ‘பட்டு’ எதுகை ஆகும், ‘பாட்டு’ ஆகாது. பள்ளியில் இதை நடத்திய அன்று நீங்கள் விடுப்பில் இருந்தீர்கள் போலிருக்கிறது.

அந்த வரியில் வேலை செய்வது முரண். ஒன்றுக்கு எதிரே நூறு நிற்கிறது. அதைச் சுற்றி ‘தடவை சொன்ன’ என்பது இரண்டு பக்கமும் அப்படியே திரும்புகிறது. திரும்பி வருவதைக் காது முன்பே தெரிந்து வைத்திருப்பதால், மாறிய ஒரே சொல்லின் மேல் மொத்த எடையும் இறங்குகிறது. கட்டுமானம் இவ்வளவுதான்.

முத்துநகர்: டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறவன் இடையினம் வல்லினம் பார்த்தா விசில் அடிக்கிறான்? காதுக்கு இரண்டும் ‘ரு’தான். சோதித்துப் பாருங்கள். ‘நூறு’வை எடுத்துவிட்டு ‘ஆயிரம்’ போட்டுச் சொல்லுங்கள். எண் பத்து மடங்கு பெரிது, ஆனால் வரி படுத்துவிடுகிறது. ஏன்? ‘ரு’ போய்விட்டது. படத்துக்கு வசனம் எழுதியவர் பாலகுமாரன். எத்தனை நாவல் எழுதியவர்! அவருக்கு எதுகை தெரியாதா?

காரிகைக்கிழார்: தெரிந்தவர் என்பதால்தான் அங்கே அதைத் தேடவில்லை. ‘ஆயிரம்’ வந்ததும் போனது ‘ரு’ அல்ல, அளவு. ஈரெழுத்துச் சொல்லுக்கு எதிரே ஈரெழுத்துச் சொல் நின்றது. நாலெழுத்து வந்ததும் தராசு சாய்ந்தது. இன்னொன்றும் கேளுங்கள். தெலுங்கில் இதே வரி ‘ஒக்கசாரி’, ‘வந்தசார்லு’ என்று போனது. ‘ஒக்க’வுக்கு ‘வந்த’ எதுகையா? அங்கேயும் கூட்டம் கொண்டாடியது.

தேவகி_திருச்சி: எதுகை இருந்தால் கைதட்டல் வரும் என்பதுதானே பேச்சு? எங்கள் அலுவலக ஆண்டு விழா நாடகத்துக்கு ‘நீ போட்டால் கோலம், நான் போட்டால் தாளம்’ என்று ஒரு வசனம் எழுதினேன். ஒருவர்கூடத் தட்டவில்லை. கணக்குப் பிரிவு அண்ணன் ஒருவர் மட்டும் இருமினார்.

காரிகைக்கிழார்: ‘கோலம்’ லகரம், ‘தாளம்’ ளகரம். இதுவும் எதுகை இல்லை. இந்தத் திரியில் ஒருவராவது எழுத்தைப் பார்த்து எழுதுங்கள்.

முத்துநகர்: பார்த்தீர்களா, அவர் ஆறுதல் தேடி வந்தார், இவர் சிவப்பு மையோடு வருகிறார். போன மாதம் ழகரத் திரியிலும் இதே கதைதான். கடைசியில் அதை மூட வேண்டியதாயிற்று.

காரிகைக்கிழார்: அந்தத் திரி மூடப்பட்டது உங்கள் ‘வாழைப்பலம்’ விளக்கத்தால். பழையதைக் கிளறாதீர்கள்.

ஆபரேட்டர்_கனகு: பதினெட்டு வருடம் திரையரங்கில் ஆபரேட்டராக இருந்தவன் நான். தேவகி அம்மா, லகரத்தை விடுங்கள். அந்த வசனத்தைச் சொன்னவரை அதற்கு முன்னால் யாராவது சீண்டினார்களா? சொல்லி முடித்ததும் எவ்வளவு நேரம் நின்றார்?

தேவகி_திருச்சி: யாரும் சீண்டவில்லை. மேடைக்கு வந்ததும் அவர் பேசிய முதல் வசனமே அதுதான். முடித்த கையோடு அடுத்ததற்குப் போய்விட்டார்.

ஆபரேட்டர்_கனகு: அங்கேதான் போயிற்று. எதிராளி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச வேண்டும். கூட்டத்துக்கே கோபம் வர வேண்டும். அப்போதுதான் பதிலுக்குப் பசி இருக்கும். பதில் முடிந்ததும் விசிலுக்கு இடம் விட வேண்டும். நல்ல படத்தில் அங்கே பேச்சு இருக்காது. நாயகன் திரும்புவார், நடப்பார், பின்னணி இசை எழும். உடனே அடுத்த வசனத்தை வைத்தால், ஒன்று விசில் செத்துவிடும், இல்லையென்றால் அந்த வசனம் யாருக்கும் கேட்காமல் போய்விடும்.

அதே ‘பாட்ஷா’வில் தங்கைக்குக் கல்லூரியில் இடம் கேட்கும் காட்சி இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் என்ன பேசுகிறார் என்று நமக்குக் கேட்காது. எதிரே இருப்பவர் முகம் வெளிறுவது மட்டும் தெரியும். வெளியே வந்ததும் தங்கை கேட்கிறாள், ‘உண்மையைச் சொன்னேன்’ என்கிறார். இரண்டே சொல். அதற்கு எங்கள் அரங்கில் விழுந்த சத்தத்தில் என் அறைக் கண்ணாடி அதிர்ந்தது. அதில் எதுகை எங்கே, மோனை எங்கே?

முத்துநகர்: அது விதிவிலக்கு. 2010இல் வந்த ‘சிங்கம்’ படத்துக்கு வாருங்கள். ‘ஓங்கி அடிச்சா ஒன்றரை டன் வெயிட்டுடா.’ ஓ, ஒ என்று இரண்டு பாதியும் ஒரே வாய்க்குவியலில் தொடங்குகின்றன. ‘ஒன்றரை’யை ‘இரண்டு’ ஆக்குங்கள். எடை அரை டன் கூடும், அடி விழாது. எதுகை மோனைதான் என்று நான் சொன்னது சரிதானே?

காரிகைக்கிழார்: அது மோனை. ஒகரமும் ஓகாரமும் இனம், மோனையாகும். அதை யார் மறுத்தார்கள்? கடைசியில் நிற்கும் ‘டா’வையும் கவனியுங்கள், மேசையில் கை விழுவதுபோல வரியை அது மூடுகிறது. ஆனால் நீங்கள் தொடங்கியது ‘ஒரு – நூறு’ எதுகையில். மோனை வீட்டுக்குள் ஓடி ஒளியாதீர்கள்.

சீர்பிரிப்பவன்: குறுக்கிடுகிறேன். காரிகைக்கிழார் ஐயா, ‘ஒரு’வும் ‘நூறு’வும் சம அளவு, அதனால் தராசு நின்றது என்றீர்கள். ‘ஒரு’ என்பது குறிலிணை, ஒரே நிரையசை. ‘நூறு’ என்பது நேர், நேர், இரண்டு அசை. எழுத்தை எண்ணினால் சமம், அசை பிரித்தால் சமமில்லை. யாப்பு பேசுகிறவர் எழுத்தை எண்ணலாமா?

காரிகைக்கிழார்: வசனம் வெண்பா அல்ல, தம்பி. திரையில் அசை பிரித்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. காதில் விழும் அளவைச் சொன்னேன்.

முத்துநகர்: ஆகா! அசைக்குக் காது போதும், ரகரத்துக்கு மட்டும் இலக்கணப் புத்தகமா?

காரிகைக்கிழார்: இரண்டும் வேறு. எதுகை என்பது இலக்கணச் சொல், அதைப் பயன்படுத்தினால் அதன் விதிக்குக் கட்டுப்பட வேண்டும். ‘ஓசை ஒத்து வருகிறது’ என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். கனகு சொன்ன இடைவெளிக்கும் நான் சொன்ன கட்டுமானத்துக்கும் பகையில்லை. ‘ஒரு தடவை சொன்னா’ என்ற இடத்தில் மூச்சு நிற்கிறது. கூட்டமும் அங்கே நிற்கிறது. மீதி பாதி வந்ததும் இறங்குகிறது. ‘மாதிரி’ என்பது வெறும் வால். அது வருவதற்குள் விசில் தொடங்கிவிடும்.

ஆபரேட்டர்_கனகு: முதல் நாள் முதல் காட்சியில் தொடங்காது. அன்று முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் அடித்தார்கள். இரண்டாம் வாரம் ‘ஒரு’ என்றதுமே கத்தினார்கள். அதற்குப் பிறகு ‘நூறு’ என்று வந்ததா ‘ஆயிரம்’ என்று வந்ததா என்பதே யாருக்கும் கேட்கவில்லை. இதற்கு உங்கள் முரண் என்ன சொல்கிறது?

காரிகைக்கிழார்: முதல் நாளுக்குத்தான் நான் பேசுகிறேன். இரண்டாம் வாரம் உங்கள் பாடு.

தேவகி_திருச்சி: அடுத்த மாதம் மறுபடியும் விழா. எதிராளியைச் சீண்ட வைக்கிறேன், இடைவெளியும் விடுகிறேன். ‘தாளம்’ இருக்கட்டுமா, ‘பாலம்’ என்று மாற்றட்டுமா?

காரிகைக்கிழார்: ‘பாலம்’ எதுகைக்குச் சரி. பொருள்தான் இல்லை.

முத்துநகர்: ‘தாளம்’ இருக்கட்டும் அம்மா. ‘ஒரு’வுக்கு ‘நூறு’வும் எதுகைதான்.