உதவி: கடனாளிகளின் உறுதிக் கடிதமும் பொருண்மை வரம்பும் – என் விடையில் எங்கே பிழை?

வைகைக்கரை எழுதியது:

சி.ஏ. இடைநிலைத் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். மாதிரித் தேர்வில் வந்த ஒரு தணிக்கைக் கேள்விக்கு ஒரு பக்கம் முழுவதும் விடை எழுதியும் 5 மதிப்பெண்ணில் 1 மட்டுமே கிடைத்தது. திருத்தியவர் "சான்று யாருடைய கையில் இருந்தது?" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

கேள்வி இதுதான். ஒரு உற்பத்தி நிறுவனத்தின் வரிக்கு முந்தைய இலாபம் 4 கோடி ரூபாய். மார்ச் 31 அன்று 160 கடனாளிகளிடமிருந்து 3 கோடி ரூபாய் வரவேண்டியிருந்தது. அவர்களில் 20 பேரை வெளித் தணிக்கையாளர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார். அந்த 20 பேரின் பாக்கி 60 இலட்சம். அவர்களுக்கு உறுதிக் கடிதம் அனுப்பிப் பதில் பெற்றுத் தரும் வேலையை நிறுவனத்தின் உள் தணிக்கைப் பிரிவு ஏற்றுக்கொண்டு, 18 பதில்களை வாங்கிக் கொடுத்தது. பதில் வராத இருவரின் பாக்கி 9 இலட்சம். பொருண்மை வரம்பு 20 இலட்சம் என்பதால் அந்த 9 இலட்சத்தைப் பற்றித் தணிக்கையாளர் மேற்கொண்டு எதுவும் செய்யவில்லை. கருத்துரைக்க.

நிறுவனத்தில் உட்கட்டுப்பாடு நன்றாக இருப்பதாலும், 18 பேர் எழுத்துமூலமாக உறுதி செய்திருப்பதாலும், எஞ்சிய தொகை வரம்புக்குள் அடங்குவதாலும் சான்று போதுமானது என்று நான் எழுதினேன். இந்த மூன்று காரணங்களில் எது தவறு?

மறுமுயற்சி எழுதியது:

இது எனக்கும் பழக்கமான கேள்விதான். இரண்டு முறை எழுதியிருக்கிறேன். நீங்கள் வழுக்கிய இடம் உள் தணிக்கை. உள் தணிக்கையாளர் நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர்; அவருடைய வேலை எதையும் வெளித் தணிக்கையாளர் பயன்படுத்தக் கூடாது. ஆகவே 18 கடிதங்களும் செல்லாது என்று எழுதியிருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்கும். 9 இலட்சத்தைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. 20 இலட்சத்துக்குக் கீழே இருப்பதைத் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை என்பதற்காகத்தானே வரம்பையே வைக்கிறோம்.

கிடங்குக் கணக்கர் எழுதியது:

நான் தேர்வு எழுதுபவன் அல்லன். ஒரு நிறுவனத்தின் கிடங்கில் இருப்புக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் கிடங்கிலிருந்து மூன்று ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் செம்புக் கம்பி வெளியே போயிருக்கிறது. மொத்தம் ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய்ப் பொருள். ஆண்டுதோறும் வெளித் தணிக்கையாளர்கள் வந்து நிதிநிலை அறிக்கை உண்மையாகவும் நேர்மையாகவும் உள்ளது என்று கையெழுத்திட்டார்கள். கடைசியில் கதவருகே எடை போடும் பதிவேட்டையும் வெளியேறு சீட்டையும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தவர் உள் தணிக்கையாளர்தான். அப்படியிருக்க, உள் தணிக்கையாளரின் வேலையை நம்பக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்? இதைக் கோட்டைவிட்ட வெளித் தணிக்கையாளரைத்தானே கேட்க வேண்டும்?

தணிக்கைக் கோப்பு எழுதியது:

மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனெனில் மூன்று கேள்விகளும் ஒரே இடத்தில்தான் முடிச்சிட்டுக் கிடக்கின்றன. கிடங்குக் கணக்கரிடமிருந்தே தொடங்குகிறேன்.

ஐயா, வெளியேறு சீட்டு இல்லாமல் பொருள் வாசலைத் தாண்டக் கூடாது என்ற ஏற்பாடுதான் உட்கட்டுப்பாடு. அதை அமைப்பதும் நடத்துவதும் நிர்வாகத்தின் பொறுப்பு. அந்த ஏற்பாடு நடக்கிறதா என்று நிர்வாகத்தின் சார்பில் பார்ப்பவர் உள் தணிக்கையாளர். அவருக்கு 2 இலட்சம் மட்டுமல்ல, 20 ஆயிரமும் பொருட்டுதான். வெளித் தணிக்கையாளரோ நிதிநிலை அறிக்கையை நம்பி முடிவெடுக்கும் பங்குதாரரையும் வங்கியையும் மனத்தில் வைத்து, அவர்கள் முடிவை மாற்றக்கூடிய அளவுக்குத் தவறு இருக்கிறதா என்று பார்க்கிறார். உங்கள் நிறுவனத்தின் இலாபம் பல கோடி என்றால், 2 இலட்சம் குறைந்திருந்தும் அவருடைய கையெழுத்து சரியானதாகவே இருக்க முடியும். ஆயினும் அவர் அந்தக் குறையைக் கண்டிருந்தால் தொகை சிறியது என்று வாய்மூடி இருந்திருக்கக் கூடாது; கட்டுப்பாட்டில் உள்ள ஓட்டையை நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டியது அவர் கடமை. திருட்டில் பணியாளர் தொடர்பு இருந்தால் அந்தக் கடமை இன்னும் கூடும்.

மறுமுயற்சி சொன்னதில் பாதி சரி. உள் தணிக்கையாளர் நிறுவனத்தின் ஊழியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி வெளியிலுள்ள பட்டயக் கணக்கரும் அந்தப் பணியைச் செய்யலாம். எஸ்.ஏ. 610 என்ற தணிக்கைத் தரநிலையும் அவருடைய வேலையை முற்றிலும் விலக்கவில்லை. அவர் எவ்வளவு தூரம் சார்பின்றி இயங்க முடிகிறது, திறமை என்ன, முறைப்படி வேலை செய்கிறாரா என்று எடைபோட்ட பிறகு, வெளியேறு சீட்டுச் சோதனை போன்றவற்றில் அதைப் பயன்படுத்தலாம். உறுதிக் கடிதத்தில் மட்டும் அது முடியாது. அந்தக் கடிதத்தின் வலிமையே மூன்றாம் மனிதரின் எழுத்துமூலப் பதில் இடையில் எவர் கையும் படாமல் தணிக்கையாளரை வந்து சேர்வதில்தான் இருக்கிறது. யாருக்கு அனுப்புவது, எந்த முகவரிக்கு, பதில் எங்கே வர வேண்டும் என்ற மூன்றும் வெளித் தணிக்கையாளரின் பிடியில் இருக்க வேண்டும் என்று எஸ்.ஏ. 505 சொல்கிறது. திருத்தியவர் ஓரத்தில் கேட்டது இதைத்தான்.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் வழக்கில் நடந்தது இதுவே. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் எழுதிய கடிதத்தில், கணக்கேட்டில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். வங்கிகளுக்கான உறுதிக் கடிதங்களை அனுப்புவதையும் பதில் பெறுவதையும் வெளித் தணிக்கையாளர்கள் நிறுவனத்திடமே விட்டுவிட்டதை 2011இல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் தம் ஆணையில் குற்றமாகச் சுட்டின.

என் பயிற்சிக் காலத்தில் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து 11 பதில்கள் ஒரு கோப்பில் வந்தன. ஈரோடு, சேலம், கரூர் என்று மூன்று ஊர் முத்திரைகள் இருந்தன. ஆனால் எல்லாத் தாள்களும் ஒரே மாதிரி மூன்றாக மடிக்கப்பட்டு, ஒரே மூலையில் பின் அடிக்கப்பட்டிருந்தன. அஞ்சல் உறை ஒன்றுகூட இல்லை. கேட்டபோது, விற்பனைப் பிரதிநிதி சுற்றுப்பயணத்தில் கையெழுத்து வாங்கி வந்தார் என்றார்கள். மோசடி நடந்ததாக நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பெயரில் நேரடியாக மீண்டும் அனுப்பினோம். இரண்டு பதில்களில் பாக்கித் தொகை வேறாக வந்தது. உங்கள் கேள்வியிலும் 18 கடிதங்கள் "செல்லாது" என்பதைவிட, "நேரடியாக மீண்டும் அனுப்பி உறுதி பெற வேண்டும்" என்று எழுதுவதே பொருத்தம்.

இனி அந்த 9 இலட்சம். இங்கேதான் நீங்கள் இருவரும் வழுக்கினீர்கள். அந்த 20 பேர் தம்மை மட்டும் அல்லாமல் 160 பேரையும் குறிக்கும் மாதிரி. பதில் வராதவற்றுக்கு மாற்று நடைமுறையும் செய்யாமல் விட்டால், எஸ்.ஏ. 530இன்படி அவற்றைப் பிழையாகவே கொள்ள வேண்டும். 60 இலட்ச மாதிரியில் 9 இலட்சம் பிழை என்றால் அது 15 விழுக்காடு. அதே விகிதத்தை 3 கோடிக்கு நீட்டினால் 45 இலட்சம். நீங்கள் 20 இலட்சத்தோடு ஒப்பிட வேண்டியது இந்த 45 இலட்சத்தைத்தான்.

உட்கட்டுப்பாடு நன்றாக இருந்ததே என்ற உங்கள் முதல் காரணத்துக்கும் விடை உண்டு. கட்டுப்பாடு நன்றாக இயங்குவதைச் சோதித்து அறிந்தால் மாதிரியின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் பொருண்மை மிக்க ஒவ்வொரு கணக்கு இருப்பிலும் நேரடிச் சோதனை ஓரளவாவது செய்தே ஆக வேண்டும் என்பது எஸ்.ஏ. 330. கேள்வியிலோ கட்டுப்பாட்டைச் சோதித்ததாக ஒரு சொல்கூட இல்லை. அதை நீங்களாகச் சேர்த்துக்கொண்டீர்கள்.

வைகைக்கரை எழுதியது:

45 இலட்சம் என்ற எண்ணைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. மாற்று நடைமுறை என்றால் "பிந்தைய வரவுகளைச் சரிபார்க்கவும்" என்று ஒரு வரி எழுதிப் பழகியிருக்கிறேன். உண்மையில் அதை எப்படிச் செய்வார்கள்?

தணிக்கைக் கோப்பு எழுதியது:

அந்த இருவரின் பாக்கி 5 இலட்சமும் 4 இலட்சமும் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல், மே மாத வங்கி அறிக்கையை எடுத்தால், முதலாமவரிடமிருந்து 5 இலட்சம் வந்திருக்கிறது. பணம் வந்தது என்பதோடு நின்றுவிடக் கூடாது. அது மார்ச் மாதப் பட்டியல்களுக்கான பணமா, ஏப்ரலில் எடுத்த புதிய சரக்குக்கான பணமா என்று பட்டியல் எண்ணோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பொருந்தினால் அந்த 5 இலட்சம் தீர்ந்தது.

இரண்டாமவர் 2.8 இலட்சம்தான் அனுப்பியிருக்கிறார். மீதி 1.2 இலட்சத்துக்கு லாரி ரசீதையும் இ-வே பில்லையும் தேடினால் சரக்கு போனதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் மார்ச் 26 அன்றே அது திரும்பி வந்ததாகக் கிடங்குப் பதிவேடு சொல்கிறது, கிரெடிட் நோட்டோ ஏப்ரல் 11 தேதியில் போடப்பட்டிருக்கிறது. ஆகவே மார்ச் 31 அன்று கடனாளிக் கணக்கு 1.2 இலட்சம் மிகையாக இருந்தது. அதே விகிதத்தில் நீட்டினால் 6 இலட்சம். திரும்பிய சரக்கு இருப்பிலும் சேராமல் விட்டிருந்தால் இலாபத்தின் மீதான பாதிப்பு அதைவிடக் குறைவாக இருக்கும். 6 இலட்சம் 20 இலட்சத்துக்கு உட்பட்டதே. ஆயினும் அதைத் தூக்கிப் போடாமல், மற்றக் கணக்குகளில் கண்ட பிழைகளோடு கூட்டிப் பார்க்க வேண்டும். சிறு பிழைகள் சேர்ந்து வரம்பைத் தாண்டக்கூடும் என்பதால்தான் வேலை செய்வதற்கு 20 இலட்சத்துக்கும் கீழே, 15 இலட்சம் போன்ற ஒரு செயல் வரம்பை வைத்துக்கொள்கிறோம்.

மறுமுயற்சி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், நான் 9 இலட்சத்தை நேராக ஒப்பிட்டே இரண்டு முறையும் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு கிரெடிட் நோட் தாமதமானது தனித்த நிகழ்வு என்று சொல்லி, அந்த 1.2 இலட்சத்தை நீட்டாமல் விடக் கூடாதா? இன்னொன்று, கேள்வியில் 20 இலட்சம் என்பது 4 கோடியில் 5 விழுக்காடு. அந்த விழுக்காட்டை விதி என்று எழுதலாமா?

தணிக்கைக் கோப்பு எழுதியது:

எஸ்.ஏ. 320 அந்த 5 விழுக்காட்டை உற்பத்தி நிறுவனத்துக்கான எடுத்துக்காட்டாகத்தான் சொல்கிறது. விதி என்று எழுதாமல், தொழில்முறைத் தீர்ப்பு என்று எழுதுங்கள். தனித்த நிகழ்வு என்பதை மிக அரிதாகவே, அதுவும் கூடுதல் சான்றோடுதான் ஏற்க முடியும். ஏப்ரலில் போட்ட எல்லாக் கிரெடிட் நோட்டுகளையும் எடுத்து, எத்தனை மார்ச் மாதத் திரும்பல்களுக்கு உரியவை என்று பார்க்க வேண்டும். ஒன்றுமே இல்லை என்றாலும் நான் நீட்டத்தான் செய்வேன். என்னோடு பணிபுரியும் மூத்தவர் ஒருவர், முழுத் தொகுப்பையும் பார்த்த பிறகு நீட்டுவது தேவையில்லை என்பார். தேர்வில் எந்தப் பக்கம் எழுதினாலும் அந்த ஏப்ரல் பட்டியலைப் பார்த்ததாக எழுதாமல் விட்டால் நிற்காது.

கிடங்குக் கணக்கர் எழுதியது:

திரும்பி வந்த சரக்கை நாங்கள் அன்றே பதிவேட்டில் ஏற்றிவிடுகிறோம்; கிரெடிட் நோட் போடுவது விற்பனைப் பிரிவு. இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் ஆகிறது என்று இதுவரை யாரும் எங்களைக் கேட்டதில்லை. மார்ச் மாதப் பதிவேட்டை நாளைக்கே எடுத்துப் பார்க்கிறேன்.