பீச் நிறப் பட்டும் சாம்பல் பூத்த முகமும்: சேலை நிறம், எடிட்டிங் பற்றி உங்கள் அனுபவம்?

மதுரை அண்ணன்:
தங்கச்சி நிச்சயதார்த்த ஆல்பம் வந்துச்சு. அவ நல்ல கறுப்பு, களையான முகம். கட்டியிருந்தது வெள்ளி ஜரிகை வெச்ச பீச் நிறப் பட்டு. ஆல்பத்துல முகம் சாம்பல் பூசின மாதிரி வெளுத்துக் கிடக்கு, மடியில இருக்கிற கை மட்டும் அவ நிறத்துல இருக்கு. கேட்டா, "சேலைக்கு ஏத்த மாதிரி பிரைட் பண்ணேன்"ங்கிறார் போட்டோகிராபர். "இது நான் இல்லண்ணே"ன்னு ஆல்பத்தை மூடிட்டா. அடுத்து முகூர்த்தச் சேலை எடுக்கணும். என்ன நிறம் எடுக்கலாம், எடிட்டர்கிட்ட என்ன சொல்லி வைக்கலாம்?

பட்டுக்கடை அக்கா:
தம்பி, கறுப்பா இருக்கிற பிள்ளைக்கு வெளிர் நிறமே வேண்டாம். அரக்கு, கடுகு மஞ்சள், ராணி பிங்க், எம்.எஸ். ப்ளூ, இதுல கண்ணை மூடிக்கிட்டு எடுங்க. மணிக்கட்டு நரம்பு பச்சையா தெரிஞ்சா தங்க ஜரிகை, நீலமா தெரிஞ்சா வெள்ளி ஜரிகை.

சேலம் வாசகி:
குங்குமாதி தைலம் ஒரு மாசம் தேய்க்கச் சொல்லுங்க. என் மகளுக்கு நல்லா பளிச்சுனு ஆச்சு.

மதுரை அண்ணன்:
அம்மா, அவ நிறம் மாறணும்னு யாரும் கேக்கல. போட்டோவுல அவ நிறம் அப்படியே இருக்கணும், அவ்வளவுதான்.

ஆல்பம் எடிட்டர், கோவை:
அக்கா சொன்ன நிறமெல்லாம் நல்ல நிறம். ஆனா பீச் மேல பழி போட வேண்டாம், கோளாறு வெளிச்சத்துல ஆரம்பிச்சிருக்கும். வெளிர் பட்டு ஃபிரேம்ல பாதியை அடைச்சா, கேமரா மொத்தக் காட்சியும் வெளிச்சம்னு நினைச்சு எக்ஸ்போஷரைக் குறைச்சிடும். முகம் இருட்டாயிடும். அப்புறம் எடிட்டர் லைட்ரூம்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ஆரஞ்சு லூமினன்ஸை, அதாவது ஆரஞ்சு நிறத்தோட பிரகாசத்தை ஏத்துவார், ஏன்னா தோல் நிறம் பெரும்பாலும் அந்த ஆரஞ்சுலதான் இருக்கு. அளவு மீறினா தோலோட ஆழம் போய் சுண்ணாம்பு பூசின மாதிரி ஆயிடும். முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு ஏத்தியிருப்பார், அதான் கை தப்பிச்சிருக்கு. முகத்தைப் பார்த்து எக்ஸ்போஷர் வெச்சு, ரா ஃபைல்ல எடுத்து, சேலையோட ஹைலைட்டைக் கொஞ்சம் இறக்கியிருந்தா பீச்சே அழகா வந்திருக்கும்.

சேலை நிறத்தை மாத்தும்போதும் இதே கதைதான். ஒரு கல்யாணத்துல கடுகு மஞ்சள் சேலையை அரக்கு பக்கம் கொண்டு போகச் சொன்னாங்க. மஞ்சள், ஆரஞ்சு ஹ்யூவை, அதாவது நிறச் சாயலை மொத்தப் படத்துக்கும் நகர்த்தினா கன்னமும் சேர்ந்து சிவக்குது. அதனால சேலைக்கு மட்டும் மாஸ்க் போட்டு, அதுலேர்ந்து கை, கழுத்து, இடுப்பைக் கழிச்சு, ஹ்யூவை அதுக்குள்ள மட்டும் மாத்தினேன். சரிபார்க்க, மாத்துறதுக்கு முன்னாடியே நெத்தியில ஒரு இடத்துல கர்சரை வெச்சேன். ஹிஸ்டோகிராமுக்குக் கீழ சிவப்பு 52, பச்சை 38, நீலம் 30 சதவீதம்னு காட்டுச்சு. மாத்தின பிறகும் அதே இடத்துல அதே எண் வரணும், வந்துச்சு. `\` விசையை அழுத்தினா பழைய படம் தெரியும், கண்ணாலயும் ஒப்பிடலாம்.

ஆனா தாடைக்கு அடியில மாட்டிக்கிட்டேன். பட்டு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். சேலை அரக்காயிடுச்சு, கழுத்துல மட்டும் பழைய மஞ்சள் சாயல் நின்னுச்சு. அதைத் தனியா பிரஷ்ல சரி பண்ண வேண்டியதாச்சு. அதனாலதான் எடிட்ல மாத்திக்கலாம்னு நம்பாம கடையிலேயே முடிவு பண்ணச் சொல்றேன். கடை விளக்கை நம்பாதீங்க. வாசல் பகல் வெளிச்சத்துல சேலையைத் தாடைக்கு அடியில பிடிச்சு, கழுத்துல என்ன சாயல் விழுதுன்னு பாருங்க. பச்சை விழுந்து முகம் வாடினா அந்தச் சேலை வேண்டாம்.

பட்டுக்கடை அக்கா:
வாசலுக்கு எடுத்துட்டுப் போய்ப் பார்க்கிறது சரி தம்பி, நாங்களே அப்படித்தான் காட்டுவோம். இருந்தாலும் என் ஓட்டு அரக்குக்குத்தான்.

புது மாப்பிள்ளை:
எனக்கு வெள்ளைப் பட்டு வேட்டி சட்டைதான், வேற நிறமே கிடையாது. நானும் கறுப்பு. நான் என்ன பண்றது?

ஆல்பம் எடிட்டர், கோவை:
பீச்சுக்குச் சொன்னதேதான். எக்ஸ்போஷர் உங்க முகத்துக்கு இருக்கணும்னு போட்டோகிராபர்கிட்ட முன்னாடியே சொல்லுங்க. மண்டபத்துல மஞ்சள் விளக்கும் வீடியோ லைட்டும் கலந்து அடிக்கும். மேடை ஏறினதும் சாம்பல் நிற அட்டையான கிரே கார்டைப் பிடிச்சு ஒரு படம் எடுத்துக்கிட்டா வொயிட் பேலன்ஸுக்கு அதுவே ஆதாரம். வொயிட் பேலன்ஸை ஆட்டோவுல விட்டா, பக்கத்துல பெரிய அரக்குச் சேலை இருக்கிறப்ப படம் நீலப்பச்சை பக்கம் சாயலாம். முதல்ல சோர்ந்து போறது தோல்தான்.

பிரைடல் மேக்கப், திருச்சி:
ஒரு கேள்வி. அசல் தோல் நிறம்னு எதை வெச்சுக்கிறீங்க? ஃபவுண்டேஷன் போட்ட முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். நெத்தியில கர்சர் வெச்சா நீங்க அளக்கிறது என் மேக்கப்பை.

ஆல்பம் எடிட்டர், கோவை:
நெத்தி எண்ணை வெச்சு, எடிட் அதை நகர்த்திச்சான்னு மட்டும்தான் பார்க்கிறேன். அசல் நிறத்துக்கு மேக்கப் படாத முன்கை உள்பக்கத்தைத்தான் பார்ப்பேன்.

பிரைடல் மேக்கப், திருச்சி:
அங்கதான் எனக்கு உடன்பாடு இல்ல. உள்கை வெயில் படாத இடம், முகத்தை விடப் பெரும்பாலும் வெளுப்பு. அதைப் பார்த்து முகத்தை ஏத்தினா மறுபடியும் வெளுக்க வைக்கிறதுதான். நான் கழுத்துப் பக்கவாட்டைப் பார்ப்பேன்.

மதுரை அண்ணன்:
கழுத்துல சேலையோட சாயல் விழும்னு இப்பதானே அவர் சொன்னாரு? அப்ப எந்த இடம்தான் சரி? ஞாயித்துக்கிழமை சேலை எடுக்கப் போறோம். மேக்கப் இல்லாம, வெளிர் நிறச் சட்டையில, வாசல் வெளிச்சத்துல அவளை ஒரு படம் எடுத்து எடிட்டர்கிட்ட கொடுத்து வெச்சா போதுமா?