புதுப்பிப்பு: பாதுகாப்பு வாரத் தொடக்க உரையில் எலிவேட்டர் விபத்து

நான் கேட்டிருந்தது: "மார்ச் 4 அன்னைக்கு எங்க காரைக்குடி ரைஸ் மில் மேனேஜர் பேசணும். பழைய எலிவேட்டர் விபத்தை எப்படிச் சொல்றது, இலக்கு என்ன வைக்கிறது?"

உரை முடிந்தது. எல்லோருக்கும் நன்றி. தேவகோட்டை பிட்டர் அண்ணன் சொன்ன வழிதான் எடுபட்டது: அடிபட்டவர் பெயர் வேண்டாம், நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள்.

மேனேஜர் அப்படியே சொன்னார். நெல்லை வாளிகளில் மேலே தூக்கும் எலிவேட்டரின் அடிப்பெட்டியில் நெல் அடைத்தது. மெயினை அணைத்துப் பூட்டும் போட்டார்கள். அடைப்பை எடுத்ததும், ஏறுபக்கத்து வாளிகளில் இருந்த நெல்லின் எடையே பெல்ட்டைப் பின்னால் இழுத்தது. ஒருவருக்கு இரண்டு விரல் போனது. பெல்ட் திரும்பாமல் பிடிக்க வேண்டிய பேக்ஸ்டாப் தேய்ந்திருந்தது. "மெயினை அணைச்சா போதும்" என்று எழுதிய தம்பி, பாதிதான் சரி. பெல்ட்டைக் கிளாம்ப் போட்டுப் பிடித்த பிறகே கை உள்ளே போகலாம்.



'விபத்தே இல்லாத ஆண்டு' என்ற இலக்கை விட்டுவிட்டோம். அப்படி வைத்தால் சின்னக் காயத்தை மறைப்பார்கள். ஜூனுக்குள் ஆறு எலிவேட்டரிலும் பேக்ஸ்டாப்பைக் கழற்றிப் பார்ப்பது, அடிப்பெட்டியைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் தனிப் பூட்டு, இவ்வளவுதான்.

எதிர்பாராதது: உரை முடிந்ததும் மூட்டை தைக்கும் அம்மா ஒருவர், "பூட்டுக்கு இன்னொரு சாவி பேனல் ரூம் ஆணியில தொங்குதே?" என்றார். தொங்கியது. அன்றே எடுத்தாயிற்று.

ஒப்பந்த ஆட்களுக்குப் பூட்டு வாங்கித் தருவது மில்லா, மேஸ்திரியா என்பது இன்னும் இழுபறிதான்.