கூட்டு வைப்புத்தொகை வட்டி: இருவர் கணக்கில் எப்படிக் காட்டுவது?

உறவுகளே, வணக்கம். கோபி பக்கம் எங்கள் மஞ்சள் காட்டு வருமானத்தில் அண்ணன் 6 லட்சம், நான் 4 லட்சம் போட்டு, கூட்டாக வைப்புத்தொகை வைத்திருக்கிறோம். 2025-26இல் 7 சதவீத வட்டியாக 70,000 ரூபாய் வந்தது. விவசாயப் பணத்துக்கு வரி இல்லை என்றாலும் அதன் வட்டிக்கு உண்டு. வங்கியோ வட்டி முழுவதையும், பிடித்த 7,000 ரூபாய் வரியையும், முதல் பெயர் என்பதால் அண்ணனின் பான் எண்ணிலேயே ஏற்றிவிட்டது.

போட்ட முதலின்படி அண்ணனுக்கு 42,000, எனக்கு 28,000 என்று காட்டுவதே நியாயம். ஆனால் 26ஏஎஸ் படிவத்தில் அண்ணன் பெயரில் 70,000 நிற்கும்போது அவர் 42,000 மட்டும் காட்டினால் நோட்டீஸ் வரும் என்று பயப்படுகிறார். பிரிப்பைச் சொல்லி, என் பெயர், முகவரி, பான் எண், காரணம் எழுதி, விதி 37பிஏ-யின்படி அண்ணன் முன்கூட்டியே வங்கியில் உறுதிமொழி தந்திருந்தால், என் பங்கு வரி என் பெயரிலேயே ஏறியிருக்கும். அந்த ஆண்டு முடிந்துவிட்டது.

என் பங்கான 2,800 ரூபாயை அண்ணன் ஐடிஆர்-2இல் எனக்கு விட்டுக்கொடுத்து, நான் என் கணக்கில் கோரினால் ஏற்பார்களா? யாராவது அப்படிச் செய்து, பணம் திரும்பப் பெற்றீர்களா? ஏஐஎஸ் பக்கத்தில் ‘வேறு பான் எண்ணுக்குரியது’ என்று அண்ணன் பதில் பதிய வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.