பண்டிகை விற்பனை வீடியோ: விலையையும் வழியையும் அரை நிமிடத்தில் எப்படிச் சொல்வது?

துணிக்கடை_ராணி
சின்னத் துணிக்கடைங்க. பண்டிகை விற்பனைக்கு போன்லயே ஒரு வீடியோ எடுக்கணும். ஸ்டுடியோ கிடையாது, தனியா ஆளும் கிடையாது. பன்னிரண்டு சரக்கோட விலையையும் சொல்லணும், கடைக்கு வழியும் சொல்லணும். என்ன பேசுறது, எந்த வரிசையில பேசுறது? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

போன்கேமரா
பன்னிரண்டு விலை தாங்காதுங்க. நிதானமாப் பேசினா அரை நிமிஷத்துக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து சொல்தான். ஒரு விலையைச் சொல்லவே ரெண்டு நொடி ஓடிடும். வாயால மூணு சரக்குக்கு மேல விலை சொல்ல வேண்டாம். மீதியை ஒரு அட்டையில எழுதி கடைசியில மூணு நொடி காட்டுங்க, வேணும்ங்கறவங்க நிறுத்திப் படிச்சுக்குவாங்க.

இன்னொன்னு, முழுசையும் ஒரே மூச்சுல எடுக்காதீங்க. அஞ்சு துண்டா எடுங்க. விற்பனை நடுவுல ஒரு விலை மாறினாலோ ஒரு சரக்கு தீர்ந்துட்டாலோ அந்தத் துண்டை மட்டும் மறுபடி எடுத்து ஒட்டிடலாம். வழி சொல்ற துண்டு அடுத்த பண்டிகைக்கும் ஆகும். மாதிரிக்கு:

துண்டு 1, 4 நொடி. சட்டையை மடிப்பு பிரிச்சு கேமராவுக்கு நேரா பிடிக்கணும். "இந்தக் காட்டன் சட்டை, பண்டிகை வரைக்கும் நானூத்தித் தொண்ணூத்தொம்போது."

துண்டு 2, 5 நொடி. காலர்ல தொங்குற விலைச்சீட்டு கிட்டத்துல. "வழக்கமா அறுநூத்தம்பது. முப்பத்தெட்டுலேர்ந்து நாப்பத்திநாலு வரைக்கும் எல்லா அளவும் இருக்கு."

துண்டு 3, 5 நொடி. குழந்தைங்க துணி, மேஜையில ரெண்டு செட்டு. "குழந்தைங்க செட்டு முந்நூத்தம்பது. ரெண்டு எடுத்தா அறுநூறு."

துண்டு 4, 9 நொடி. நடந்துக்கிட்டே. "பஸ் ஸ்டாண்டு பின்வாசல்ல வெளிய வந்து வலது பக்கம் திரும்புங்க. மெடிக்கலுக்கு அடுத்த கடை, பச்சை போர்டு."

துண்டு 5, 7 நொடி. கடை வாசல், அதுல கடைசி மூணு நொடி விலை அட்டை. "காலையில பத்து மணிக்குத் திறப்போம். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒம்போது மணி வரைக்கும்தான் இந்த விலை."

வாசகம், இடம், சரக்கை எல்லாம் உங்க கடைக்கு மாத்திக்கங்க. வரிசையை மாத்த வேண்டாம்.

கல்லாப்பெட்டி
விலையை முதல்லயே சொல்லிட்டா அப்புறம் எவன் பார்ப்பான்? கடைசியில வைங்க, அதுவரைக்கும் பார்ப்பாங்க. "இன்னிக்கே கடைசி நாள்"னு சொல்லுங்க, ஓடி வருவாங்க.

போன்கேமரா
ஆயிரக்கணக்குல பின்தொடர்றவங்க இருந்தா கடைசியில வைக்கலாம். சின்னக் கடை வீடியோவை யாருன்னே தெரியாதவங்கதான் விரலால தள்ளிக்கிட்டே பார்ப்பாங்க. பொருளும் விலையும் முதல் நாலு நொடியில வரலைன்னா கடைசி வரைக்கும் வரவே மாட்டாங்க. "வணக்கம் நண்பர்களே"வையும் அதனாலதான் விட்டேன்.

"இன்னிக்கு", "நாளைக்கு", "நேத்து வரைக்கும்" எதுவுமே வேண்டாம். வீடியோ நாலு நாள் கழிச்சும் யாரோ ஒருத்தர் திரையில போய் நிற்கும்.

சரிபார்ப்பு
அப்போ உங்க "ஞாயித்துக்கிழமை"யும் அதே தப்புதானே? எந்த ஞாயிறு? திரையில தேதியையும் மாசத்தையும் எழுத்துல போடணும். அது இல்லாம போனா விற்பனை முடிஞ்சப்புறமும் வீடியோவைக் காட்டி அந்த விலைக்குக் கேட்பாங்க.

அதே மாதிரி "499 முதல்"னு போட்டுட்டு கையில விலை கூடின சட்டையைப் பிடிக்கிறது. பார்க்கிறவர் "முதல்"ஐக் கவனிக்க மாட்டார், கையில இருக்கிற சட்டையைத்தான் பார்ப்பார். கல்லாவுல சண்டை வர்றது இதனாலதான். எந்தப் பொருளைக் காட்டுறீங்களோ அதோட விலையை மட்டும் சொல்லுங்க.

போன்கேமரா
ஆமாங்க, தேதி எழுத்துல வந்தே ஆகணும். நான் விட்டுட்டேன்.

ஒலிப்பதிவு
சத்தத்தைப் பத்தி யாரும் பேசலை. தெருச் சத்தத்துக்கு நடுவுல "அறுநூறு"ம் "இருநூறு"ம் ஒண்ணாத்தான் கேட்கும். "அறுபது", "எழுபது"ம் அப்படித்தான். வாயால சொல்ற அதே நொடியில எண் திரையில பெருசா வரணும்.

தனி மைக் இல்லைன்னா இன்னொரு போன்ல குரல்பதிவைப் போட்டு, கேமராவுக்குத் தெரியாம நெஞ்சுக்கிட்ட ஒரு சாண் தூரத்துல வச்சுக்கங்க. ஆரம்பத்துல ஒரு தடவை கை தட்டுங்க. எடிட் பண்றப்போ கை சேர்ற படத்தையும் தட்டுச் சத்தத்தையும் பொருத்தினா உதடும் குரலும் சேர்ந்துடும். துணிக்கடைன்னா அடுக்கு நடுவுல நின்னு பேசுங்க, துணியே எதிரொலியை உறிஞ்சிடும். மின்விசிறியை நிறுத்திடுங்க.

கல்லாப்பெட்டி
இவ்வளவு எதுக்கு? இரைச்சலை நீக்குற ஆப் இருக்கே.

ஒலிப்பதிவு
மின்விசிறி மாதிரி ஒரே சீரா வர்ற இரைச்சல் போகும். ஹாரனும் பக்கத்துக் கடைப் பாட்டும் லேசுல போகாது. ரொம்ப அழுத்தி நீக்கினா உங்க குரலே தகர டப்பாவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும்.

பாத்திரக்கடை
நம்ம கடையில ஊரைச் சுத்தி ஒலிபெருக்கி வண்டி விடப் போறோம். இதே வாசகத்தை அப்படியே கொடுத்துடலாமா?

போன்கேமரா
அது வேற கணக்குங்க. அங்க திரை கிடையாது, "இந்தச் சட்டை"ன்னா எந்தச் சட்டை? வண்டி கடந்து போறதுக்குள்ள காதுல விழுறது ரெண்டு வாக்கியம்தான். கடைப் பேரும் இடமும் முதல்ல, ஒரே ஒரு விலை, மறுபடி இடம்.

துணிக்கடை_ராணி
ரொம்ப நன்றி. கடைக்குள்ள வீட்டுக்காரரை வச்சு ஒண்ணு எடுத்துப் பார்த்தேன். முகம் கறுப்பா இருக்கு, படத்துல கோடு கோடா பட்டை ஓடுது. நான் செல்ஃபி கேமராவுல எடுத்ததுல போர்டு எழுத்து திரும்பி இருக்கு.

போன்கேமரா
மூணும் வேற வேற காரணம்.

முகம் கறுத்தா அவர் வாசலுக்கு முதுகு காட்டி நிக்கிறார்னு அர்த்தம். திருப்பி, வாசல் வெளிச்சம் முகத்துல விழுற மாதிரி நிறுத்துங்க. நீங்க வாசல் பக்கம் இருந்து, ஓரமா நின்னு எடுங்க. திரையில அவர் முகத்தை அழுத்திப் பிடிச்சா பல போன்ல வெளிச்சம் பூட்டிக்கும், நடுவுல மாறாது.

பட்டை ஓடுறது விளக்கோட வேலை. மின்சாரத்தோட துடிப்பும் கேமரா ஷட்டரும் ஒத்துப் போகலை. போன்ல ஷட்டரைக் கையால மாத்துற ப்ரோ வீடியோ வசதி இருந்தா, 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் இருக்கிற ஊர்ல ஷட்டரை 1/50லயோ 1/100லயோ வைங்க. 60 ஹெர்ட்ஸ்னா 1/60, 1/120. அலங்காரச் சீரியல் லைட் சிலது இதுக்கும் அடங்காது. அதை அணைச்சுட்டு எடுங்க, இல்ல பகல்ல வாசலோரமா வச்சு எடுங்க.

எழுத்து திரும்பினதுக்கு கேமரா அமைப்புல கண்ணாடி மாதிரி சேமிக்கிற வசதியை அணைச்சுடுங்க. அதைவிட, பின்பக்கக் கேமராவுலயே எடுத்துடுங்க. படமும் தெளிவா இருக்கும்.

எடிட்டர்_தம்பி
விலையை எங்க எழுதறீங்கன்னும் பாருங்கக்கா. நெட்டுக்குத்து வீடியோவுல அடிப்பக்கம் கணக்கோட பேரும் குறிப்பும், வலது ஓரம் லைக், ஷேர் பட்டனும் மறைச்சுடும். நடுவுக்குச் சத்தே மேல, இடது பக்கமா போடுங்க. பழைய விலையைச் சின்னதா கோடு போட்டு, புது விலையைப் பெருசா. போட்டதும் வேற ஒருத்தர் போன்ல திறந்து பாருங்க.

வழி சொல்ற துண்டை கடையிலேர்ந்து வெளிய நடந்து எடுக்காதீங்க. வர்றவர் எந்தப் பக்கமிருந்து பார்ப்பாரோ அந்தப் பக்கமிருந்து நடந்து வந்து போர்டுல முடிங்க. ஒன்பது நொடிக்குள்ள அடங்கலைன்னா, நடக்கிற படத்தை மட்டும் வேகமா ஓட்டி, குரலைத் தனியா மேல வைங்க.

சரிபார்ப்பு
பேசுறது யாரு? முதலாளியே பேசினாத்தான் நம்புவாங்க.

ஒலிப்பதிவு
கூச்சப்படுற முதலாளி பேசினா ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். கவுண்டர்ல தினமும் விலை சொல்ற பொண்ணு பேசட்டும், அவங்க வாயில எண் தடுமாறாது.

சரிபார்ப்பு
அதுக்கு எனக்குச் சம்மதம் இல்லை. அவங்க அடுத்த மாசம் வேற கடைக்குப் போயிட்டா அந்த வீடியோவை என்ன பண்ணுவீங்க?

துணிக்கடை_ராணி
அப்போ முகமே இல்லாம, கையும் துணியும் மட்டும் காட்டி எடுத்துடுறேன். வழி சொல்ற துண்டை நாளைக்குக் காலையில கூட்டம் வர்றதுக்கு முன்னாடி எடுக்கணும்.